முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வகத்தில் பேசிய சிற்றுரை: கரைசல் வேலையில் எங்கே தவறுகிறோம்?

#1 மூன்றாம் தசமம்

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் துறையில் முதலாண்டு இளங்கலை மாணவர்கள் பருமனறி பகுப்பாய்வைத் தொடங்கும் நாளில், மூத்த மாணவர் ஒருவர் அவர்களிடம் பத்து நிமிடம் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. பேசியதைக் கீழே எழுதியிருக்கிறேன். அடுத்த வாரம் இரண்டாம் பிரிவு மாணவர்களிடமும் பேச வேண்டும் என்பதால், தவறு இருந்தால் திருத்துங்கள், விடுபட்டது இருந்தால் சொல்லுங்கள்.

"தம்பி, தங்கைகளே, இன்று 250 மி.லி. ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்கில் ஏறத்தாழ 0.1 N ஆக்சாலிக் அமிலம் தயாரித்து, அதைக் கொண்டு பியூரெட்டில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடின் செறிவைக் கண்டறியப் போகிறீர்கள். கணக்குப்படி உங்களுக்கு 1.576 கிராம் அமிலம் வேண்டும். தராசின் முன் உட்கார்ந்து, ஒரு படிகத்தை எடுத்துப் போட்டு, ஒரு படிகத்தைத் திரும்ப எடுத்து, அந்த எண்ணைப் பிடிக்கவே கால் மணி நேரம் செலவழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லை. 1.580 வந்தால் 1.580 என்றே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கரைசல் 0.1000 N ஆக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது எவ்வளவு என்பது உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 1.580 கிராம் என்றால் 0.10025 N.

எடைபோட்ட அமிலம் முழுவதும் ஃபிளாஸ்குக்குள் போய்ச் சேர வேண்டும். குப்பியையும், பீக்கரையும், கண்ணாடிக் கோலையும், புனலின் உட்புறத்தையும், அதன் காம்பின் வெளிப்புறத்தையும் வாஷ் பாட்டிலால் கழுவி, அந்த நீரையும் உள்ளே சேருங்கள். பாதி அளவு நீர் சேர்ந்ததும் ஃபிளாஸ்கைச் சுழற்றிப் படிகம் முழுவதும் கரைந்துவிட்டதா என்று பார்த்த பிறகே குறிவரை நிரப்புங்கள். கடைசி சில துளிகளைச் சொட்டுக் குழாயால் சேருங்கள். பிறைத்தளத்தின் அடிப்பகுதி கோட்டைத் தொடும்போது உங்கள் கண்ணும் அந்தக் கோட்டின் மட்டத்திலேயே இருக்கட்டும்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். மூடியை இறுக்கிப் பிடித்து, ஃபிளாஸ்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பத்து முறை செய்யுங்கள். நான் முதலாண்டில் படித்தபோது இதைச் செய்யவில்லை. குறிவரை நிரப்பிவிட்டு, ஃபிளாஸ்கின் வயிற்றைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிறகு அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பீக்கரில் ஊற்றி, 20 மி.லி. பிப்பெட்டால் எடுத்து டைட்ரேஷன் செய்தேன். முதல் அளவீடு 19.1, அடுத்தது 19.8, மூன்றாவது 20.3, நான்காவதும் 20.3. கடைசி இரண்டும் ஒத்துப்போய்விட்டன என்று மகிழ்ந்து, அவற்றை எடுத்துக்கொண்டு 0.09877 N என்று விடை எழுதினேன். மறுநாள் புதிதாகத் தயாரித்து, நன்றாகக் கலந்து செய்தபோது மூன்று முறையும் 19.9 வந்தது. உண்மையான செறிவு 0.1008 N. நான் எழுதிய விடையில் இரண்டு சதவீதம் பிழை இருந்தது.

அந்த நான்கு எண்களையும் வரிசையாகப் பாருங்கள். அவை சிதறிக் கிடக்கவில்லை, ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போகின்றன. மேலே இருந்த நீர்த்த பகுதி முதலில் வெளியே வந்தது. அடியில் இருந்த செறிந்த பகுதி பிறகு வந்தது. கை தவறினால் எண்கள் சிதறும். கரைசல் கலக்காமல் இருந்தால் எண்கள் நகரும். ஆகவே ஒவ்வோர் அளவீட்டையும் எடுத்த வரிசையிலேயே, எடுத்தவுடனேயே, பேனாவால் குறிப்பேட்டில் எழுதுங்கள். எனக்கு நடந்ததைப் போல ஏறிக்கொண்டே போனால், ஃபிளாஸ்கில் மிச்சம் இருப்பதைக் கலக்கிப் பயனில்லை. நீர்த்த பகுதி ஏற்கெனவே வெளியே போய்விட்டதால், மிச்சத்தின் செறிவு நீங்கள் எடைபோட்டுக் கணக்கிட்ட செறிவு அன்று. புதிதாகத்தான் தயாரிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. பியூரெட்டையும் பிப்பெட்டையும் அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே அலசுங்கள். கோனிக்கல் ஃபிளாஸ்கையும் ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்கையும் நீரால் மட்டும் அலசுங்கள். கோனிக்கல் ஃபிளாஸ்கை அமிலத்தால் அலசினால், சுவரில் 0.2 மி.லி. ஒட்டியிருந்தாலே, 20 மி.லி.க்கு அது ஒரு சதவீதம். வேலையைத் தொடங்குங்கள்."

இவ்வளவுதான் பேசினேன்.

#2 துலாக்கோல்

அம்மா, நன்றாகப் பேசியிருக்கிறீர்கள். மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எண்கள் சிதறுவதையும் நகர்வதையும் பிரித்துக் காட்டியிருப்பதைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் வெப்பநிலையைப் பற்றி ஒரு சொல்கூட உரையில் இல்லை. நம் ஊர் ஆய்வகங்களில் அதை விடக்கூடாது.

ஆக்சாலிக் அமிலப் படிகம் நீரில் கரையும்போது கரைசல் குளிர்கிறது. அதனால் கரைவதும் மெதுவாகிறது. பொறுமையில்லாத மாணவர் வெந்நீர் சேர்ப்பார், அல்லது பீக்கரை அடுப்பில் வைப்பார். அதில் தவறில்லை. அந்தச் சூட்டோடு ஃபிளாஸ்கில் ஊற்றிக் குறிவரை நிரப்புவதுதான் தவறு. 40 டிகிரியில் 250 மி.லி. நிரப்பிய கரைசல், அறையின் 30 டிகிரிக்கு வந்ததும் ஏறத்தாழ 0.86 மி.லி. சுருங்கும். வழக்கமான 250 மி.லி. ஃபிளாஸ்கின் கழுத்தில் அது கோட்டுக்குக் கீழே அரை சென்டிமீட்டர் அளவு. நல்ல தரமான ஏ வகுப்பு ஃபிளாஸ்குக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 0.15 மி.லி.தான். இந்த ஒரு அவசரத்தால் அதைப்போல் ஐந்தாறு மடங்கு பிழையைக் கையால் சேர்த்துவிடுகிறோம்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. குறிவரை நிரப்பிய ஃபிளாஸ்கைக் கவிழ்க்காமல் அரை மணி நேரம் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து பாருங்கள். பிறைத்தளம் இறங்கியிருந்தால் சூட்டோடு நிரப்பியிருக்கிறீர்கள் என்று பொருள். கவிழ்த்த பிறகு பார்த்தால் இது தெரியாது. மூடியிலும் கழுத்திலும் ஒட்டும் கரைசலால் மட்டம் எப்படியும் சற்றுக் கீழேதான் நிற்கும். அப்போது பதறிப்போய் மறுபடி நீர் சேர்ப்பவர்கள் உண்டு. அதையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

#3 வைகைக்கரை

உரையில் இரண்டு இடங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. முதலாவது, கோனிக்கல் ஃபிளாஸ்கை நீரால் அலசிவிட்டு ஈரத்தோடு அப்படியே பயன்படுத்தலாமா? உள்ளே நிற்கும் நீர் அமிலத்தை நீர்த்துவிடுமே. நாங்கள் படித்த காலத்தில் அதை உலர்த்திய பிறகே எடுப்போம். டைட்ரேஷனுக்கு நடுவே வாஷ் பாட்டிலால் சுவரைக் கழுவுவதையும் எங்கள் ஆசிரியர் அனுமதிக்க மாட்டார்.

இரண்டாவது, பிப்பெட்டின் நுனியில் நிற்கும் கடைசித் துளியைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. அதை ஊதி வெளியேற்றினால்தான் 20 மி.லி. முழுதாக வரும் என்பது என் பழக்கம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#4 துலாக்கோல்

வைகைக்கரை அவர்களே, உங்கள் இரண்டாவது கருத்து ஒரு வகைப் பிப்பெட்டுக்குச் சரி. நீங்கள் குறிப்பிடும் பிப்பெட்டுக்குச் சரியில்லை. நடுவில் குமிழ் உள்ள, ஒற்றைக் கோடு போட்ட 20 மி.லி. பிப்பெட், நுனியில் அந்தச் சிறு துளி நிற்பதையும் கணக்கில் கொண்டே அளவுகுறிக்கப்பட்டது. நுனியைச் சுவரில் தொட வைத்து, கரைசல் தானாக இறங்கி நின்ற பிறகு சில வினாடிகள் பொறுத்து எடுத்துவிட வேண்டும். ஊதினால் 20 மி.லி.க்கும் கூடுதலாகச் சேரும். ஆனால் நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் புழங்கும், முழுநீளக் கோடுகள் போட்ட பிப்பெட்டுகளில் மேல்பகுதியில் வளையக் குறி இருந்தால், அவை ஊதி வெளியேற்ற வேண்டியவை. ஆகவே எந்தப் பிப்பெட் என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வாயால் ஊதுவதும் உறிஞ்சுவதும் எந்தப் பிப்பெட்டிலும் வேண்டாம்; ரப்பர் பல்ப் இருக்கிறது.

கோனிக்கல் ஃபிளாஸ்கைப் பொறுத்தவரை, 20 மி.லி. கரைசலோடு உள்ளே போன அமிலத்தின் அளவு, அதோடு எவ்வளவு நீர் சேர்ந்தாலும் மாறுவதில்லை. காரம் முறிப்பது அந்த அமிலத்தை மட்டுமே. எனவே ஈரமான கோனிக்கல் ஃபிளாஸ்க் தீங்கில்லை. சுவரில் தெறித்துப் போன துளியைக் கழுவி உள்ளே இறக்குவது தேவையான வேலையும்கூட. உலர்த்த வேண்டும் என்று எண்ணி, அழுக்குத் துணியால் உட்புறத்தைத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட ஈரமே மேல்.

#5 வைகைக்கரை

பிப்பெட்டைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகளாக ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன். நீரைப் பற்றிச் சொன்னது எனக்கு முழுதாக ஒப்பவில்லை. வாலை வடிநீரில் காற்றிலிருந்து கரைந்த கார்பன் டைஆக்சைடு இருக்கிறது. பினால்ஃப்தலீன் அதற்கும் சேர்த்துத்தானே நிறம் காட்டும்? அப்படியானால் சேர்த்த நீரும் காரத்தைத் தின்கிறது என்றுதானே ஆகிறது?

#6 துலாக்கோல்

இது நல்ல கேள்வி. உங்கள் ஆசிரியரும் இதை எண்ணித்தான் தடுத்தாரோ என்று தோன்றுகிறது. காற்றோடு சமநிலைக்கு வந்த 100 மி.லி. நீரில் இருக்கும் கார்பன் டைஆக்சைடு, 0.1 N காரத்தில் நூறில் ஒரு மி.லி. அளவைத்தான் எடுத்துக்கொள்ளும். பியூரெட்டின் ஒரு துளியே 0.05 மி.லி. என்பதால், மாணவர் செய்யும் 0.1 N வேலையில் அது கண்ணுக்குத் தெரியாது. அதே நீரை 0.01 N கரைசலோடு பயன்படுத்தினால் பத்தில் ஒரு மி.லி.க்கு மேல் போகும். அப்போது கட்டாயம் தெரியும். வாதம் செய்வதைவிட, வெறும் நீரில் அதே எண்ணிக்கைத் துளி நிறங்காட்டியை விட்டு, காரத்தால் ஒரு வெற்றுச் சோதனை செய்து பார்த்துவிடலாம். வருகிற எண் உங்கள் நீரைப் பற்றிச் சொல்லிவிடும். எங்கள் ஆய்வகத்தில் நீர் கொண்டுவரும் குடம் மாறினால்கூட அந்தச் சோதனையைச் செய்வோம்.

#7 பச்சையம்

நான் உயிரிநுட்பவியல் ஆய்வு மாணவி. துலாக்கோல் ஐயா வெப்பநிலையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் என் கதையைச் சொல்லத் தோன்றியது. நாங்கள் டைட்ரேஷன் செய்வதில்லை. ட்ரிஸ் பஃபர் தயாரித்து, pH 8.0 க்குச் சரிசெய்து, குளிர் அறையில் புரதத்தைப் பிரித்தெடுப்போம். ஆறு மாதம் என் புரதம் ஒரு வாரம் குரோமட்டோகிராஃபிப் பத்தியில் ஒட்டியது, ஒரு வாரம் ஒட்டவில்லை. பஃபரை 30 டிகிரி அறையில் சரிசெய்து, 4 டிகிரியில் பயன்படுத்திக்கொண்டிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ட்ரிஸின் pH ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் ஏறத்தாழ 0.028 உயரும். 26 டிகிரி வித்தியாசத்தில் என் 8.0 உண்மையில் 8.7 ஆக இருந்தது. ஏசி ஓடிய நாளில் தயாரித்தது ஒரு மாதிரியும், ஓடாத நாளில் தயாரித்தது வேறு மாதிரியும் நடந்துகொண்டது அதனால்தான்.

எங்கள் பக்கம் இன்னொரு பழக்கமும் உண்டு. pH ஐச் சரிசெய்வதற்கு முன்பே குறிவரை நிரப்பிவிட்டு, பிறகு அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். ஒரு லிட்டர் ட்ரிஸுக்குச் சேரும் அமிலத்தின் பருமன் சிறியது அன்று. முக்கால் அளவு நீரில் கரைத்து, pH ஐச் சரிசெய்து, அதற்குப் பிறகு நிரப்ப வேண்டும். இதையும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லலாமா அக்கா?

#8 கார்த்திகைப்பூ

வணக்கம். எனக்கு அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. வாய்மொழித் தேர்வில் திட்டக் கரைசல் என்றால் என்ன, முதன்மைத் திட்டப் பொருளுக்கு எடுத்துக்காட்டு என்ன என்று கேட்பார்கள் என்கிறார்கள். இந்த இழையில் உள்ளதை அப்படியே எழுதினால் எத்தனை மதிப்பெண் கிடைக்கும்? கேள்வி-பதிலாக யாராவது தொகுத்துத் தர முடியுமா?

#9 மூன்றாம் தசமம்

தம்பி, இந்த இழை கரைசல் வேலையில் உள்ள பழக்கங்களைப் பற்றியது. தேர்வுக் கேள்விகளுக்குத் தனி இழை தொடங்குங்கள், எனக்குத் தெரிந்ததை அங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இங்கேயே சொல்கிறேன். சோடியம் ஹைட்ராக்சைடை முதன்மைத் திட்டப் பொருள் என்று சொல்லிவிடாதீர்கள். அதன் வில்லைகள் தராசில் இருக்கும்போதே காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். நேரடியாக எடைபோட்டு அதன் செறிவைச் சொல்ல முடியாது என்பதால்தான் ஆக்சாலிக் அமிலத்தால் தரம் பார்க்கிறோம்.

பச்சையம், உங்கள் அனுபவம் பயனுள்ளது. ஆனால் முதலாண்டு மாணவர்களிடம் ட்ரிஸைப் பற்றிப் பேசினால் கவனம் சிதறும் என்று நினைக்கிறேன். வெப்பநிலைக்கு ஒரு பத்தி சேர்க்கிறேன். துலாக்கோல் ஐயா சொன்ன அரை சென்டிமீட்டரை அவர்களிடமே அளந்து பார்க்கச் சொல்வேன்.

#10 பள்ளி ஆய்வகம்

நான் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் கற்பிக்கிறேன். "எடுத்தவுடனேயே பேனாவால் எழுதுங்கள்" என்ற வரியைப் படித்து நெடுநேரம் யோசித்தேன். என் மாணவர்கள் ஏன் பென்சிலால் எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். செய்முறையில் ஒத்த இரண்டு அளவீடுகளை நாங்கள் எதிர்பார்க்கிறோம். விடை, நாங்கள் வைத்திருக்கும் எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அதற்கேற்ப மதிப்பெண் குறைகிறது. முதல் அளவீடு 19.1 என்றும் அடுத்தது 19.8 என்றும் வந்த பிள்ளை, 19.1 ஐ அழித்துவிட்டு 19.8 என்று எழுதினால், அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது யார்? நாங்கள்தான்.

சென்ற ஆண்டு ஒரு மாற்றம் செய்தேன். பொதுத்தேர்வு முறையில் நான் கை வைக்க முடியாது. ஆகவே ஆண்டு முழுவதும் வகுப்பில் செய்யும் செய்முறைகளில், அழிக்காத மூன்று அளவீடுகளுக்கும், அவை ஏன் வேறுபட்டன என்று எழுதும் ஒரு வரிக்கும் மதிப்பெண் கொடுத்தேன். முதல் மாதம் "கவனக்குறைவு" என்றே எல்லாரும் எழுதினார்கள். பிறகு ஒரு மாணவி, "முதல் முறை புனலைப் பியூரெட்டின் மேலேயே விட்டுவிட்டேன், நடுவில் அதிலிருந்து துளி விழுந்தது" என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் எனக்கு இன்னும் விடை தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. அறுபது பேருக்கு வேண்டிய கரைசலை ஆய்வக உதவியாளர் பெரிய கேனில் மொத்தமாகத் தயாரிக்கிறார். பத்து லிட்டர் கேனைக் கவிழ்த்துக் கலக்க முடியாது. காலையில் எடுத்தவர்களுக்கும் மதியம் எடுத்தவர்களுக்கும் வேறு வேறு எண் வருகிறது. காரத்தின் கேனில் இது கூடுதலாகத் தெரிகிறது.

#11 துலாக்கோல்

ஆசிரியர் அவர்களே, கேனை உருட்டச் சொல்லுங்கள். முழுதாக நிரப்பாமல், ஐந்தில் ஒரு பங்கு காற்றிடம் விட்டு, தரையில் படுக்க வைத்து முன்னும் பின்னும் சில நிமிடம் உருட்டினால் பெரும்பாலும் கலந்துவிடும். சோடியம் ஹைட்ராக்சைடில் வேறொன்றும் நடக்கிறது. வில்லைகளைக் கேனிலேயே நேரடியாகப் போட்டால், அவை கரைந்து உண்டாகும் கனமான கரைசல் அடியில் படுத்துவிடும். குழாய் அடியில் உள்ள கேன் என்றால், காலையில் எடுப்பவருக்குச் செறிந்த காரமும் மதியம் எடுப்பவருக்கு நீர்த்த காரமும் கிடைக்கும். உங்களுக்குக் காலையில் டைட்டர் குறைவாகவும் மதியம் கூடுதலாகவும் வந்தால் இதுதான் காரணம். முதலில் ஒரு வாளி நீரில் முழுதாகக் கரைத்து, ஆறவிட்டு, பிறகு கேனில் ஊற்றச் சொல்லுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்துதான் கரைக்க வேண்டும். வாளி நன்றாகச் சூடேறும்.

மாணவர்கள் செய்யும் தவறுகள் எண்களில் தெரிந்துவிடுகின்றன. எனக்கு நேர்ந்தது தெரியாமல் போன தவறு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், திட்டப் பொருளை உலர்த்தித்தான் எடைபோட வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். ஆக்சாலிக் அமிலத்தை 110 டிகிரி அவனில் இரவு முழுவதும் வைத்துவிட்டேன். காலையில் அந்தக் கண்ணாடி போன்ற படிகம் வெள்ளை மாவாக மாறியிருந்தது. அதை 1.576 கிராம் எடுத்து, மிகக் கவனமாகக் கரைத்து, நன்றாகக் கலந்து, மூன்று முறை டைட்ரேஷன் செய்தேன். 28.0, 28.0, 28.0. இவ்வளவு அழகாக ஒத்துப்போனதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. காரத்தின் செறிவு 0.0714 N என்று சீட்டு எழுதி ஒட்டினேன்.

அந்தக் காரம் உண்மையில் 0.1 N. படிகத்தில் இருந்த இரண்டு மூலக்கூறு நீரும் அவனில் போய்விட்டதால், மூலக்கூறு எடை 126.07 இலிருந்து 90.03 ஆகக் குறைந்திருந்தது. என் அமிலம் 0.1 N அன்று, 0.14 N. நல்லவேளையாக, மூத்தவர் ஒருவர் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே புட்டியின் செறிவு ஒரே வாரத்தில் எப்படி முப்பது சதவீதம் குறையும் என்று கேட்டார். பாதி உலர்ந்திருந்தால் இதைவிட மோசமாகியிருக்கும், ஏனென்றால் எவ்வளவு நீர் போனது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஒத்த அளவீடுகள் கை நிதானத்தைத்தான் சொல்லும். எடைபோட்ட பொருள் எது என்பதை அவை சொல்லாது.

#12 உப்பளம்

இதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் ஆக்சாலிக் அமிலத்தைக் கைவிட்டுவிட்டு, பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டுக்கு மாறிவிட்டோம். அதைத் தாராளமாக 110 டிகிரியில் உலர்த்தலாம், இழப்பதற்குப் படிகநீர் இல்லை. மூலக்கூறு எடையும் பெரியது. 250 மி.லி. 0.1 N கரைசலுக்கு 5.105 கிராம் எடுக்க வேண்டும். தராசில் ஒரு மில்லிகிராம் தவறினாலும், 1.576 கிராமில் தவறுவதைப்போல் மூன்றில் ஒரு பங்கு பிழைதான் வரும். முதலாண்டு மாணவர்களுக்கும் இதையே கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

#13 வைகைக்கரை

கொடுக்கலாம், ஆனால் விலை? அறுபது மாணவர்களுக்கு ஆளுக்கு ஐந்து கிராம் என்றால் ஒரு நாளில் 300 கிராம் போய்விடும். ஆக்சாலிக் அமிலத்தின் மேல் குற்றம் இல்லை. அதை அவனில் வைத்ததுதான் குற்றம். புட்டியை இறுக மூடி, படிகம் பளபளப்பாக இருக்கும்வரை பயன்படுத்தி, மாவு பூத்ததை ஒதுக்கிவிட்டால் மாணவர் வேலைக்கு அது போதும். அந்தப் பூத்த படிகம் எப்படி இருக்கும் என்று முதலாண்டிலேயே கையில் எடுத்துப் பார்ப்பதும் நல்லதுதான்.

#14 உப்பளம்

புட்டியை எத்தனை முறை யார் யார் திறந்து வைத்தார்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணால் பளபளப்பைப் பார்த்து ஒரு சதவீத இழப்பைக் கண்டுபிடிக்க முடியாது. இதில் நான் உங்களோடு உடன்படவில்லை.

#15 பள்ளி ஆய்வகம்

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் நான்கு தசமத் தராசே கிடையாது. எனவே உப்பளம் சொல்லும் வசதி எனக்கு வாய்க்காது. கேனை உருட்டிப் பார்க்கிறேன் துலாக்கோல் ஐயா, நன்றி.

மூன்றாம் தசமம், "பத்து முறை கவிழ்க்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? இருபது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாணவர் கேட்டால் என்ன விடை சொல்வது?

#16 மூன்றாம் தசமம்

ஐயா, உண்மையைச் சொன்னால், எனக்கு என் மூத்த மாணவர் பத்து என்று சொன்னார். நானும் அப்படியே சொல்லிவிட்டேன். உங்கள் கேள்வியைப் படித்த பிறகு நேற்று மாலை செய்து பார்த்தேன்.

250 மி.லி. ஃபிளாஸ்கின் அடியில் அடர்த்தியான பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் 10 மி.லி. விட்டு, அதன்மேல் சுவர் வழியாக மெதுவாக நீரை இறக்கிக் குறிவரை நிரப்பினேன். அடியில் கருஞ்சிவப்பு ஊதா நிறம், கழுத்தில் தெளிந்த நீர். முதலாண்டில் நான் செய்ததைப்போல வயிற்றைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். வயிறு முழுவதும் ஊதாவானது, ஆனால் கழுத்து அப்படியே வெள்ளையாக நின்றது. என் 19.1 எங்கிருந்து வந்தது என்பது நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு கண்ணால் தெரிந்தது.

பிறகு மூடியைப் பிடித்துக் கவிழ்த்தேன். ஃபிளாஸ்க் தலைகீழாக இருக்கும்போது காற்றுக்குமிழ் வயிற்றுக்கு ஏறுகிறது. நிமிர்த்தும்போது அதே குமிழ் கழுத்துக்குத் திரும்பி, அங்கிருந்த நீரை வயிற்றுக்குள் தள்ளுகிறது. கலப்பது அந்தப் பரிமாற்றத்தால்தான். குமிழ் முழுதாக மேலேறும்வரை காத்திருக்காமல் வேகவேகமாக ஆட்டினால், நிறம் கோடு கோடாக நின்றுவிடுகிறது. காத்திருந்து செய்தபோது, கழுத்தின் நிறத்துக்கும் வயிற்றின் நிறத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போக ஒரு ஃபிளாஸ்குக்கு எட்டு முறை ஆனது. கோடு மூடிக்கு மிக அருகில் இருந்த வேறொரு ஃபிளாஸ்குக்குப் பதினான்கு முறை ஆனது. அதில் காற்றிடம் குறைவு, குமிழும் சிறியது.

#17 துலாக்கோல்

மிக நன்று. அந்த இரண்டாவது ஃபிளாஸ்கைப் போன்றவற்றில்தான் பத்து முறை போதாது. கண்ணுக்கு நிறம் ஒன்றாகத் தெரிந்த பிறகும் மேலும் சில முறை கவிழ்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒரு சதவீத வேறுபாட்டை நம் கண் பிரித்துக் காட்டாது. அடர்ந்த ஊதாவில் அது இன்னும் கடினம்.

#18 வைகைக்கரை

ஒரு லிட்டர் ஃபிளாஸ்குக்கு எத்தனை முறை ஆகும் என்று யாராவது செய்து பார்த்தீர்களா? எங்களிடம் இருப்பதில் கழுத்து நீளம், கோடு நடுவில் இருக்கிறது.

#19 மூன்றாம் தசமம்

இன்னும் பார்க்கவில்லை. எங்கள் துறையில் ஒரு லிட்டர் ஃபிளாஸ்க் ஒன்றுதான் இருக்கிறது. அது வியாழக்கிழமைதான் எனக்குக் கிடைக்கும். இரண்டாம் பிரிவு மாணவர்களிடம் பேசப்போவதும் அன்றுதான். இந்த முறை பேச்சைத் தொடங்கும் முன் பெர்மாங்கனேட் ஃபிளாஸ்கை மேசையில் வைத்து, அவர்களில் ஒருவரையே சுற்றச் சொல்லி, கழுத்து வெள்ளையாக நிற்பதைக் காட்டப் போகிறேன். "பத்து முறை" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "குமிழ் ஒவ்வொரு முறையும் முழுதாக ஏறி இறங்கும்படி, இருபது முறை" என்று மாற்றிவிட்டேன். லிட்டர் ஃபிளாஸ்கில் வரும் எண்ணை வெள்ளிக்கிழமை இங்கே எழுதுகிறேன்.